குழுமக் கணக்கில் கட்டுப்பாடில்லாப் பங்கு ஏன் ஈக்விட்டிக்குள் வருகிறது?

கேள்வி: தாய் நிறுவனத்திடம் துணை நிறுவனத்தின் 80 சதவீதப் பங்குகள்தான் இருக்கின்றன. ஆனால் ஒருங்கிணைந்த கணக்கில் சொத்து, கடன் எல்லாவற்றையும் முழுசாகச் சேர்க்கிறோம். மீதி 20 சதவீதம் வெளியாளுடையது என்றால், அது அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிதானே? அதைப் பொறுப்பில் காட்டாமல் ஈக்விட்டியில் ஏன் காட்டுகிறார்கள்? கணக்குப் போடத் தெரிகிறது, காரணம்தான் பிடிபடவில்லை.

பதில்:

இதில் சிக்கல் ‘பாக்கி’ என்ற இடத்தில்தான் இருக்கிறது. பாக்கி என்றால் கேட்கும் உரிமை ஒருவருக்கு இருக்க வேண்டும், தட்டிக்கழிக்க முடியாத கடமை இன்னொருவருக்கு இருக்க வேண்டும். அந்த 20 சதவீதக்காரர்களிடம் துணை நிறுவனத்தின் பங்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ‘என் பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று அவர்கள் துணை நிறுவனத்திடமும் கேட்க முடியாது, தாய் நிறுவனத்திடமும் கேட்க முடியாது. டிவிடெண்ட் அறிவித்தால் அவர்கள் பங்கு கிடைக்கும். அறிவிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாக்குப் பலம் தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனம் கலைக்கப்பட்டால், கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சுவதில் 20 சதவீதம் அவர்களுக்கு. மிஞ்சவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. ஆக, குழுமம் தன் விருப்பத்துக்கு மாறாகப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை எங்கேயும் இல்லை. பொறுப்பு என்று ஒன்றைச் சொல்ல அடிப்படையான கடமையே இங்கே இல்லை.

பொறுப்பு இல்லையென்றால் அது என்ன? சர்வதேசக் கணக்கியல் கருத்துக் கட்டமைப்பில் இருப்புநிலைக் குறிப்பின் அந்தப் பக்கத்துக்கு இரண்டே வகைதான் உண்டு. பொறுப்பு ஒன்று. சொத்திலிருந்து எல்லாப் பொறுப்புகளையும் கழித்தபின் மிஞ்சுவதன் மேல் உள்ள உரிமை, அதாவது ஈக்விட்டி, இன்னொன்று. மூன்றாவது பெட்டி கிடையாது. வெளிப் பங்குதாரர்களிடம் இருப்பது மிஞ்சுவதன் மேல் உள்ள உரிமைதான். தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கும் அதே வகை உரிமைதான். வித்தியாசம் என்னவென்றால், தாயின் பங்குதாரர்களுக்குக் குழுமம் முழுவதிலும் உரிமை உண்டு, இவர்களுக்கு அந்த ஒரு துணை நிறுவனத்தில் மட்டும் உண்டு. அதனால்தான் ஐஎஃப்ஆர்எஸ் 10 இதை ஈக்விட்டிக்குள், ஆனால் தாய் நிறுவன உரிமையாளர்களின் ஈக்விட்டியிலிருந்து பிரித்துத் தனி வரியாகக் காட்டச் சொல்கிறது.

‘அப்படியானால் 80 சதவீதச் சொத்தை மட்டும் சேர்த்துவிட்டால் இந்த வம்பே இல்லையே’ என்று தோன்றலாம். தாய் நிறுவனம் எந்த இயந்திரத்தின் 80 சதவீதத்தையும் ஓட்டுவதில்லை, முழு இயந்திரத்தையும் ஓட்டுகிறது. குழுமத்தின் வரம்பை வரைவது உரிமையின் அளவு அல்ல, கட்டுப்பாடு. கட்டுப்பாடு 100 சதவீதச் சொத்தின் மேலும் இருப்பதால் சொத்து 100 சதவீதமாக வருகிறது. அந்தச் சொத்துக்கான பணத்தில் ஒரு பகுதி வேறு உரிமையாளர்களிடமிருந்து வந்தது என்பதை மறுபக்கத்தில் இந்த வரி சொல்கிறது.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய ஐஏஎஸ் 27-ன்படி ‘மைனாரிட்டி இன்ட்ரெஸ்ட்’ என்ற பெயரில் பொறுப்பிலும் சேராமல், தாயின் ஈக்விட்டியிலும் சேராமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. 2003-ல் அந்தத் தரநிலையைத் திருத்தியபோதுதான் ஈக்விட்டிக்குள் வந்தது. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் வெளியான எஃப்ஏஎஸ் 160 இதையே செய்தது. 2008-ல் ஐஏஎஸ் 27-ஐ மறுபடி திருத்தியபோது ‘கட்டுப்பாடில்லாப் பங்கு’ என்ற இன்றைய பெயரும் வந்தது, அந்த வகைப்பாட்டின் பின்விளைவுகளும் முழுசாக விதிகளாயின. அந்தப் பின்விளைவுகளைப் பார்த்தால்தான் காரணம் உண்மையில் பிடிபடும். அதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும், வரியை மறந்துவிடுவோம்.

தாய் நிறுவனம் ஆண்டின் முதல் நாளில் துணை நிறுவனத்தின் 80 சதவீதத்தை 900 கொடுத்து வாங்குகிறது. துணை நிறுவனத்தின் ஏட்டு நிகரச் சொத்து 700. அதன் கட்டடம் ஏட்டில் இருப்பதைவிட 100 அதிக மதிப்புடையது, இன்னும் 10 ஆண்டு உழைக்கும். ஆகவே நியாய மதிப்பில் நிகரச் சொத்து 800.

வாங்கிய அன்று வெளியார் பங்கை எவ்வளவுக்கு எழுதுவது என்பதில் ஐஎஃப்ஆர்எஸ் 3 இரண்டு வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. ஒன்று, நிகரச் சொத்தில் அவர்களின் விகிதம்: 800-ல் 20 சதவீதம், 160. இன்னொன்று, அந்தப் பங்குகளின் நியாய மதிப்பு. சந்தை விலைப்படி அது 190 என்று வைத்துக்கொள்வோம். ‘80 சதவீதத்துக்கு 900 என்றால் 20 சதவீதத்துக்கு 225 வர வேண்டுமே’ என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 900-க்குள் கட்டுப்பாட்டுக்காகக் கொடுத்த கூடுதல் விலையும் இருக்கிறது. வெளியாரிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் அவர்கள் பங்கின் விலை பெரும்பாலும் அந்த விகிதத்துக்குக் கீழேதான் இருக்கும்.

முதல் வழியில் நற்பெயர் 900 + 160 − 800 = 260. இரண்டாம் வழியில் 900 + 190 − 800 = 290. ஒருபக்கம் நற்பெயர் 30 கூடுகிறது, மறுபக்கம் வெளியார் பங்கு 30 கூடுகிறது. இந்த 30 தான் வெளியாருக்குரிய நற்பெயர். இங்கே முதல் வழியிலேயே போவோம். இந்தத் தேர்வு பின்னால் எங்கே கடிக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

முதல் ஆண்டில் துணை நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் லாபம் 120. அது 50 டிவிடெண்ட் கொடுக்கிறது. தாய் நிறுவனத்துக்கு அது விற்ற சரக்கில் ஒரு பகுதி ஆண்டிறுதியில் தாயின் கிடங்கிலேயே இருக்கிறது, அதில் அடங்கிய லாபம் 20. தாய் நிறுவனத்தின் சொந்த லாபம், துணையிடமிருந்து வந்த டிவிடெண்டை விட்டுவிட்டு, 300.

வெளியார் பங்கைக் கணக்கிடப் பலர் 120-ல் 20 சதவீதம், 24 என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. குழுமத்தின் பார்வையில் துணை நிறுவனத்தின் லாபம் 120 அல்ல. கட்டடத்தின் கூடுதல் 100-க்கு ஆண்டுக்கு 10 தேய்மானம் போகும். விற்பனை துணையிடமிருந்து தாய்க்குப் போனதால், இன்னும் வெளியே விற்காத சரக்கில் உள்ள லாபம் 20 துணையின் லாபத்திலிருந்து கழியும். மிஞ்சுவது 90, அதில் 20 சதவீதம் 18. தாய் நிறுவனம் துணைக்கு விற்றிருந்தால் அந்த 20 தாயின் லாபத்தில்தான் கழியும், வெளியார் பங்கைத் தொடாது. யார் விற்றார் என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் 20 சதவீதம் வெட்டுவதுதான் தேர்வுத் தாள்களிலும் வேலையிலும் அடிக்கடி காணும் பிழை.

குழுமத்தின் லாபம் 300 + 90 = 390. அதன் கீழே இரண்டு வரி: தாய் நிறுவன உரிமையாளர்களுக்கு 372, கட்டுப்பாடில்லாப் பங்குக்கு 18. முன்பு இந்த 18-ஐ ஒரு செலவைப்போல மேலேயே கழித்துவிட்டு 372-ஐத்தான் ‘லாபம்’ என்று காட்டினார்கள். இப்போது 390 தான் லாபம், 18 அதன் பங்கீடு. கடனுக்குத் தரும் வட்டி செலவு, உரிமையாளருக்குச் சேரும் பங்கு செலவல்ல. அவர்கள் ஈக்விட்டிக்காரர்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகு அவர்களுக்குப் போவதைச் செலவாக எழுத முடியாது.

டிவிடெண்டும் அப்படியே. 50-ல் தாய்க்கு வந்த 40 குழுமத்துக்குள்ளேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதுதான், ரத்தாகிவிடும். வெளியே போன 10 மட்டும் ஈக்விட்டி மாற்ற அறிக்கையில் கட்டுப்பாடில்லாப் பங்கின் நிரலில் கழியும். ஆண்டிறுதி இருப்பு 160 + 18 − 10 = 168.

இதை வேறு வழியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சில நொடி வேலைதான். துணையின் ஏட்டு நிகரச் சொத்து 700 + 120 − 50 = 770. அதோடு கட்டடத்தின் மிச்சக் கூடுதல் 90. கிடங்குச் சரக்கின் லாபம் 20 கழித்தால் 840. அதில் 20 சதவீதம் 168. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் பரவாயில்லை. 154 வந்தால் வெறும் ஏட்டுத் தொகையில், அதாவது 770-ல் 20 சதவீதம் எடுத்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். 172 வந்தால் சரக்கு லாபத்தை விட்டுவிட்டீர்கள். நியாய மதிப்பில் அளந்த கணக்காக இருந்தால் இந்தச் சரிபார்ப்பில் வெளியாரின் நற்பெயர் 30-ஐயும் கூட்ட வேண்டும், இருப்பு 198 ஆகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் தாய் நிறுவனம் வெளியாரிடமிருந்து இன்னும் 5 சதவீதத்தை 60 கொடுத்து வாங்குகிறது. 20-ல் 5 என்பது கால் பாகம். 168-ல் கால் பாகம் 42. கொடுத்தது 60. மிச்சம் 18 எங்கே போகும்?

வெளியார் பங்கு ஒரு பொறுப்பு என்று வைத்திருந்தால் விடை வேறு. 42 என்று ஏட்டில் இருந்த கடனை 60 கொடுத்துத் தீர்த்தோம், ஆகவே 18 நட்டம் என்று லாப நட்டக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் தொங்கிய காலத்தில் தெளிவான வழி இல்லை, சிலர் அந்த 18-ஐப் புதிய நற்பெயராக்கினார்கள். ஈக்விட்டி என்று தீர்மானித்த பிறகு இரண்டுக்கும் இடமில்லை. தாய் நிறுவனம் முன்பும் கட்டுப்படுத்தியது, இப்போதும் கட்டுப்படுத்துகிறது. குழுமத்தின் சொத்துப் பட்டியலில் பணம் 60 குறைந்ததைத் தவிர ஒரு குண்டூசிகூட மாறவில்லை. ஒருவகை உரிமையாளர்களிடமிருந்து இன்னொரு வகை உரிமையாளர்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனவே கட்டுப்பாடில்லாப் பங்கில் 42 குறையும், தாய் நிறுவன உரிமையாளர்களின் ஈக்விட்டியில் நேரடியாக 18 குறையும். லாப நட்டத்தில் எதுவும் வராது, நற்பெயர் 260 அப்படியே நிற்கும். ஒரு நிறுவனம் தன் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கும்போது லாபமோ நட்டமோ எழுதாததும் இதே தர்க்கத்தால்தான்.

முன்பு சொன்ன தேர்வு இங்கேதான் கடிக்கிறது. நியாய மதிப்பில் அளந்திருந்தால் இருப்பு 198, கால் பாகம் 49.5. தாயின் ஈக்விட்டியில் குறைவது 18-க்குப் பதில் 10.5. முதல் நாளில் வெளியாரின் நற்பெயரைக் கணக்கில் ஏற்றாமல் விட்டதன் விலையைப் பின்னாளில் தாயின் பங்குதாரர்களின் ஈக்விட்டி சுமக்கிறது. மீதியையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிட வேண்டும் என்று திட்டமிடும் குழுமம் முதல் நாளிலேயே இதை யோசிப்பது நல்லது. பெரும்பாலும் யோசிப்பதில்லை என்பது என் அனுபவம். நற்பெயர் சிறிதாக இருந்தால் போதும் என்று விகித வழியை எடுத்துவிட்டு, அடுத்தடுத்த வாங்கல்களில் ஈக்விட்டி ஏன் சுருங்குகிறது என்று கேட்பார்கள்.

கட்டுப்பாடே போய்விடும் அளவுக்கு விற்றால் கதை மாறும். அப்போது துணை நிறுவனம் குழுமத்தின் வரம்பைவிட்டு வெளியேறுகிறது. அதன் சொத்து, பொறுப்பு, நற்பெயர், கட்டுப்பாடில்லாப் பங்கு எல்லாம் ஏட்டிலிருந்து நீங்கும். வித்தியாசம் லாப நட்டத்துக்குப் போகும்.

நட்டம் வரும்போது இன்னொரு பின்விளைவு தெரியும். துணை நிறுவனம் தொடர்ந்து நட்டமடைந்து அதன் நிகரச் சொத்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், வெளியார் பங்கும் எதிர்மறையாகலாம். 2008 திருத்தத்துக்கு முன் அப்படி விடமாட்டார்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டிய நட்டத்தை, வெளியார் ஈடுகட்டுவதாக ஒப்பந்தம் இருந்தாலொழிய, தாயின் கணக்கிலேயே ஏற்றுவார்கள். ‘வெளியார் கையிலிருந்து பணம் போடப்போவதில்லையே, எதிர்மறை எண்ணுக்கு என்ன பொருள்?’ என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாய் நிறுவனமும் உத்தரவாதம் கொடுத்திராவிட்டால் கையிலிருந்து போட வேண்டியதில்லை. இருவர் உரிமையும் ஒரே வகை என்றால் நட்டத்தில் மட்டும் ஒருவரைப் பிரித்து நடத்தக் காரணமில்லை. தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தால் அந்தக் கடமையைத் தனியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் உள்ளுணர்வு முழுக்கத் தவறில்லை என்று சொல்லும் இடமும் உண்டு. வெளியார் பங்கு உண்மையாகவே பாக்கியாகிவிடும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. இதில் அதிகம் தவறவிடப்படுவது விற்கும் உரிமை, ‘புட் ஆப்ஷன்’. பங்குதாரர் ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பிரிவில், ‘மூன்று ஆண்டு கழிந்ததும் வெளியார் விரும்பினால் தங்கள் 20 சதவீதத்தை 250-க்குத் தாய் நிறுவனத்திடம் விற்கலாம், தாய் நிறுவனம் வாங்கியே ஆக வேண்டும்’ என்று இருக்கும். இப்போது தட்டிக்கழிக்கும் சுதந்திரம் போய்விட்டது. வெளியார் கேட்டால் பணம் கொடுக்க வேண்டும். ஐஏஎஸ் 32-ன்படி, அவர்கள் கேட்பார்களா மாட்டார்களா என்று நிகழ்தகவு பார்க்காமல், 250-ன் இன்றைய மதிப்பைப் பொறுப்பாக எழுத வேண்டும். 8 சதவீத வட்டி வீதத்தில் அது சுமார் 198. முதல் ஆண்டில் அதன் மேல் ஏறும் சுமார் 16 நிதிச் செலவாக லாப நட்டத்துக்குப் போகும். பொறுப்பை வரவு வைக்கும்போது பற்று எங்கே, கட்டுப்பாடில்லாப் பங்கிலா தாயின் ஈக்விட்டியிலா என்பதில் நடைமுறை ஒரே மாதிரி இல்லை. எந்தக் கொள்கையை எடுத்தோம் என்று குறிப்பில் சொல்லிவிட்டு அதையே தொடர வேண்டும்.

வாங்கும் உரிமை தாயிடம் மட்டும் இருந்தால் இந்தப் பொறுப்பு எழாது, ஏனென்றால் பணம் கொடுப்பதா என்று தீர்மானிப்பது தாய்தான். எனவே ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ‘உரிமை’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அந்த உரிமையை எந்தப் பக்கம் பயன்படுத்தலாம் என்று பாருங்கள். துணை நிறுவனம் வெளியாருக்குக் கொடுத்த முன்னுரிமைப் பங்குகளைக் குறித்த நாளில் மீட்டே ஆக வேண்டும் என்றிருந்தால், சட்டப் பெயர் பங்கு என்றாலும் கணக்கில் அதுவும் பொறுப்புதான்.

ஒரு விநோதமும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் யூனிட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்ற வகை முதலீட்டு நிதியைக் குழுமம் கட்டுப்படுத்துகிறது என்று வையுங்கள். ஐஏஎஸ் 32-ல் உள்ள ஒரு விதிவிலக்கால், சில நிபந்தனைகள் பொருந்தினால் அந்த நிதியின் தனிக் கணக்கில் யூனிட்டுகள் ஈக்விட்டியாக இருக்கலாம். ஆனால் அந்த விலக்கு குழுமக் கணக்குக்கு நீளாது. வெளியார் வைத்திருக்கும் யூனிட்டுகள் அங்கே பொறுப்பாகிவிடும், கட்டுப்பாடில்லாப் பங்கு என்ற வரிக்கே வராது. ஒரே காகிதம் இரண்டு கணக்கில் இரண்டு இடத்தில் உட்காருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். குழுமத்தின் பார்வையில் பணம் கேட்கும் உரிமை அவர்களிடம் இருக்கிறது.

கடைசியாக, இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பவருக்கு ஒன்று. ஈக்விட்டிக்குள் இருக்கிறது என்பதால் அந்த 168 தாயின் பங்குதாரர்களுடையது என்று ஆகிவிடாது. ஒரு பங்குக்கான ஈட்டம் கணக்கிட 372-ஐத்தான் எடுக்க வேண்டும், 390-ஐ அல்ல. ஈக்விட்டி மீதான ஈட்ட விகிதத்தில் மேலே 372 வைத்துக் கீழே வெளியாரையும் சேர்த்த மொத்த ஈக்விட்டியை வைத்தால், விகிதம் காரணமில்லாமல் குறைந்து தெரியும். மேலே 390 என்றால் கீழே மொத்தம், மேலே 372 என்றால் கீழே தாயின் பகுதி மட்டும். தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவரும் மொத்த ஈக்விட்டியைப் பார்த்துத் தெம்பாகிவிடக் கூடாது. துணை நிறுவனம் 100 டிவிடெண்ட் கொடுத்தால், அந்தக் கூடுதல் 5 சதவீதத்தையும் வாங்கிய பிறகுகூட, தாயிடம் வந்து சேர்வது 85 தான்.